பழைய ஏபிஐ கீயை எப்போது மூடுவது? மூன்று வழிகள், ஒரு முடிவு

ஏபிஐ கீயை மாற்றும்போது சேவை ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்றால், கொஞ்ச காலத்துக்குப் பழைய கீயும் புது கீயும் இரண்டுமே செல்லுபடியாக வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கொஞ்ச காலத்தை யார் முடித்து வைப்பது, எதைப் பார்த்து முடித்து வைப்பது என்ற இடத்தில்தான் வழிகள் பிரிகின்றன. தவறான வழியை எடுத்தால், நிறுத்தம் வராமல் போவதில்லை, சில வாரம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான்.

நான் முன்பு எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை ஒன்றின் சர்வர் பக்கத்தைக் கவனித்து வந்தேன். வாடிக்கையாளர்களில் ஒரு கல்லூரியும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது ஒரே ஒரு கீ. அது அவர்களிடம் நான்கு இடங்களில் இருந்தது: வருகைப்பதிவு சர்வர், இரவு ஓடும் விடுதி அறிவிப்பு கிரான் வேலை, தேர்வுப் பிரிவில் ஒருவருடைய கணினியில் இருந்த ஸ்கிரிப்ட், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி மட்டும் ஓடும் கட்டண நினைவூட்டல். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். எந்த வழி எங்கே உடைகிறது என்பதை இவை நான்குமே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில், ஏன் ஒரே வீச்சில் மாற்ற முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புது கீ உருவான நொடியிலேயே பழையது செத்துவிட்டால், நான்கு இடங்களிலும் மாற்றி முடிக்கும்வரை அங்கிருந்து வரும் கோரிக்கைகள் எல்லாம் `401` என்ற மறுப்பை வாங்கும். கோப்பில் மாற்றினால் உடனே வேலை செய்யும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பெரும்பாலான புரோகிராம்கள் தொடங்கும்போது ஒரு முறை மட்டும் என்விரான்மென்ட் வேரியபிளைப் படித்து வைத்துக்கொள்ளும். `.env` கோப்பைத் திருத்தினாலும் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய கீதான் போகும். குபெர்னெட்டீஸிலும் இதே கதை. சீக்ரெட்டை மாற்றினாலும், அதை என்விரான்மென்ட் வேரியபிளாக எடுத்துக்கொண்ட பாட் தானாக மாறாது. ஆக, இரண்டு கீயும் ஒரே நேரத்தில் செல்லும் காலம் ஒன்று வேண்டும், அதைத்தான் இடைவெளி என்று சொல்கிறேன். அதை அமைக்கும் வழிகளைப் பார்ப்போம்.

நாள் குறித்து மூடுவது

எளிமையானது இதுதான். புது கீ கொடுக்கும்போதே கீ அட்டவணையில் பழைய கீயின் வரிசையில் `expires_at` என்று ஒரு நேரத்தை எழுதிவிட வேண்டும். அந்த நேரம் வந்ததும் அது தானாகச் செல்லாமல் போகும். ஸ்ட்ரைப் போன்ற சேவைகளில் கீயை மாற்றும்போது பழையது உடனே காலாவதியாக வேண்டுமா, கொஞ்சம் தள்ளியா என்று கேட்கும். அங்கே வெப்ஹுக் கையொப்ப ரகசியத்துக்கு அதிகபட்சம் 24 மணி நேரம்வரை தள்ளலாம். அந்த நேரத்தில் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் பழைய ரகசியத்தாலும் புது ரகசியத்தாலும் போட்ட இரண்டு கையொப்பங்கள் இருக்கும்.

இதன் பெரிய நன்மை, யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது. பழைய கீ நிச்சயமாகச் சாகும். கீழே சொல்லப்போகும் மற்ற இரண்டு வழிகளிலும் அந்த நிச்சயம் கிடையாது.

குறை எங்கே என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கல்லூரிக்கு 9ஆம் தேதி புது கீ கொடுத்து, பழையதற்கு ஏழு நாள் வைத்தோம். வருகைப்பதிவு சர்வர் அன்றே மாறியது. விடுதி வேலை மறுநாள். தேர்வுப் பிரிவு ஸ்கிரிப்ட்டை மூன்றாம் நாள் மாற்றினார்கள். 16ஆம் தேதி பழைய கீ மூடியது, ஒரு புகாரும் வரவில்லை. அடுத்த மாதம் 5ஆம் தேதி காலை கட்டண நினைவூட்டல் ஓடியது. அதற்குள் பழைய கீதான் இருந்தது. ஒரு செய்தியும் போகவில்லை. அந்த ஸ்கிரிப்ட் பிழையைத் தன் லாக்கில் எழுதிவிட்டு அமைதியாக முடிந்துபோனது. அந்த லாக்கை யாரும் பார்ப்பதில்லை. "போன தடவை மாதிரி இந்தத் தடவை மெசேஜே வரலையே" என்று ஒரு பெற்றோர் 8ஆம் தேதி அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

ஏழு நாள் என்பது எங்கள் வசதிக்கு எடுத்த எண். அந்தக் கீயைப் பயன்படுத்தும் வேலைகளில் எது மிக அரிதாக ஓடுகிறதோ, அதன் சுற்றைவிட இடைவெளி நீளமாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் வேலை இருந்தால் 35 நாள் வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, சேர்க்கைக் காலத்தில் மட்டும் ஓடும் வேலை இருந்தால் நாள் குறிப்பதே பொருந்தாது. வாடிக்கையாளர் எல்லோருமே நிமிடத்துக்கு நிமிடம் கோரிக்கை அனுப்பும் சர்வர்கள் என்றால் இந்த வழியே போதும்; மேலே படிக்கவும் வேண்டாம்.

இரண்டு இடங்கள் வைப்பது

இதில் ஒவ்வொரு கணக்குக்கும் எப்போதும் இரண்டு கீ இருக்கும், இரண்டுமே எப்போதும் செல்லும். மைக்ரோசாஃப்ட் அஷூரின் ஸ்டோரேஜ் கணக்குகளில் `key1`, `key2` என்று இருப்பது இதுதான். முதல் கீயில் ஓடும் எல்லாவற்றையும் இரண்டாவதுக்கு மாற்று, முதல் கீயைப் புதிதாக உருவாக்கு, எல்லாவற்றையும் முதலாவதுக்கே திருப்பு, இரண்டாவதையும் புதிதாக உருவாக்கு. இப்படி ஒரு சுற்று. எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வது என்பது முழுக்க வாடிக்கையாளர் கையில். சேவை தருபவர் நாள் எதுவும் குறிப்பதில்லை.

ஒரே குழு, ஒரே இடத்தில் கீயை வைத்திருந்தால் இது அழகான ஏற்பாடு. கல்லூரி போன்ற இடத்தில் எனக்கு இதன் மேல் நம்பிக்கை இல்லை. முதல் சுற்று முடிந்து ஆறு மாதம் ஆன பிறகு, எந்த ஸ்கிரிப்ட் எந்தக் கீயில் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். தேர்வுப் பிரிவினர் பாதியில் `key2`விலேயே நின்றிருப்பார்கள். இரண்டும் எப்போதும் செல்வதால் அவர்களுக்கு ஒரு பிழையும் வந்திருக்காது, அதனால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த முறை யாரோ `key2`வைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துவார்கள். புதுப்பித்த நொடியிலேயே அந்த இடத்தில் இருந்த பழைய மதிப்பு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இடைவெளிக்காகவே செய்த ஏற்பாட்டில், கடைசியில் ஒரே வீச்சில் மாற்றிய அதே நிறுத்தம் வந்து நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் கீ இரண்டு என்றால், கசியக்கூடிய கீயும் இரண்டு. யாரும் பயன்படுத்தாத இரண்டாவது கீ வருடக்கணக்கில் முழு அதிகாரத்தோடு கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசிப் பயன்பாட்டைப் பார்த்து மூடுவது

மூன்றாவது வழியில் நாள் குறிப்பதில்லை. பழைய கீ கடைசியாக எப்போது வந்தது என்று பதிந்துகொண்டே வர வேண்டும். அது வருவது நின்றதும் முதலில் முடக்க வேண்டும், கொஞ்ச நாள் கழித்து அழிக்க வேண்டும். முடக்குவதும் அழிப்பதும் இரண்டு தனித்தனிப் படிகள் என்பதுதான் இதன் உயிர்நாடி. முடக்கியதைத் திரும்பத் திறக்கலாம். அழித்ததைத் திறக்க முடியாது.

அமேசான் ஏடபிள்யூஎஸ்ஸில் ஐஏஎம் பயனருக்கான கீயை மாற்றும் முறை இதுதான். ஒரு பயனருக்கு அதிகபட்சம் இரண்டு கீ இருக்கலாம். இரண்டாவதை உருவாக்கி, எல்லா இடத்திலும் மாற்றி, பழையது எப்போது பயன்பட்டது என்று கேட்டு, பிறகு முடக்குவார்கள்:

```
aws iam create-access-key --user-name sms-sender
aws iam get-access-key-last-used --access-key-id <பழைய-கீ-ஐடி>
aws iam update-access-key --user-name sms-sender \
    --access-key-id <பழைய-கீ-ஐடி> --status Inactive
```

அழிப்பதற்கு `delete-access-key`. பலர் முடக்கியதோடு நிறுத்திக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். முடக்கிய கீயும் இரண்டில் ஒன்றாகவே எண்ணப்படும். அடுத்து அவசரமாக மாற்ற வேண்டிய இரவில் மூன்றாவதை உருவாக்கப் போனால், வரம்பைத் தாண்டுகிறது என்று மறுத்துவிடும். அந்தப் பதற்றத்தில் இரண்டில் எதை அழிப்பது என்று யோசிக்கும் நிலைமை வேண்டாம்.

நேரத்தை மட்டும் பதிவது போதாது என்பது என் அனுபவம். பழைய கீ இன்னும் வருகிறது என்று தெரிந்தால், அடுத்த கேள்வி எங்கிருந்து என்பது. கல்லூரிக்கு மறுபடி கீ மாற்றியபோது ஐபி முகவரியையும் `User-Agent` தலைப்பையும் சேர்த்துப் பதிந்தோம். நான்காம் நாள் பார்த்தால் பழைய கீயில் இரண்டே வகைக் கோரிக்கைகள் மிச்சம் இருந்தன. ஒன்று அவர்கள் சர்வரின் ஐபியிலிருந்து `curl` என்று வந்தது, அது விடுதி கிரான் வேலை. மற்றொன்று அலுவலக இணைய இணைப்பிலிருந்து, பகல் பதினொரு மணிக்கு மேல் மட்டும், `python-requests` என்று வந்தது. சர்வரில் ஓடும் வேலை அலுவலக நேரம் பார்க்காது. அது தேர்வுப் பிரிவுக் கணினிதான் என்று சொல்ல வேறு எதுவும் தேவைப்படவில்லை. "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்றுதான் அங்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கணினி அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

இந்த வழிக்கும் 5ஆம் தேதி வேலை ஒரு பொறிதான். பத்து நாளாகப் பழைய கீ வரவில்லை என்பதற்கு, எல்லோரும் மாறிவிட்டார்கள் என்றும் பொருள், இன்னும் 5ஆம் தேதி வரவில்லை என்றும் பொருள். இதற்கு நான் கண்ட விடை, மாற்றத்துக்கு முந்தைய காலத்தின் பதிவைப் பார்ப்பது. கடந்த மூன்று மாதத்தில் இந்தக் கீ எந்தெந்த ஐபி, எந்தெந்த `User-Agent` சேர்க்கையில் வந்தது என்று பட்டியல் எடுத்தால், மாதம் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் வரி ஒன்று கண்ணில் படும். அந்த வரிகள் எல்லாம் புது கீயில் ஒருமுறையாவது வந்த பிறகு மூடினால் போதும். பழைய கீ எத்தனை நாளாக வரவில்லை என்பதைவிட, புது கீயில் யார் யார் வந்தாயிற்று என்ற கணக்கு நம்பகமானது.

முடக்குவதற்கு முன் சிறிது நேரம் மட்டும் மூடித் திறக்கும் உத்தி ஒன்றும் உண்டு. வேலை நாளில், பகல் நேரத்தில், பழைய கீயைப் பத்து நிமிடம் மறுத்துவிட்டுத் திரும்பத் திறப்பது. கீயை மாற்றச் சொல்லி அனுப்பிய கடிதத்தைப் படிக்காதவர்கள்கூட இதற்குப் பதில் சொல்வார்கள். கிட்ஹப் 2020இல் கடவுச்சொல் கொண்டு ஏபிஐயை அணுகுவதை நிறுத்துவதற்கு முன் இப்படித்தான் குறித்த நேரங்களில் மூடித் திறந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

கடைசியில் மூன்றாவது வழியை அடிப்படையாக வைத்து, முதலாவதை அதற்கு மேல் ஒரு கூரையாகப் போட்டோம். பயன்பாட்டைப் பார்த்து மூடுவோம், ஆனால் எப்படியும் 60 நாளைத் தாண்டவிட மாட்டோம். கூரை இல்லாவிட்டால் பதில் சொல்லாத ஒரு வாடிக்கையாளருக்காகப் பழைய கீ காலாகாலத்துக்கும் உயிரோடு இருக்கும். இரண்டு இடங்கள் என்ற ஏற்பாட்டை எடுக்கவில்லை. கீ அட்டவணையில் ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை வரிசை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்தோம். கல்லூரிக்கு அதன் பிறகு நான்கு வேலைக்கும் நான்கு தனிக் கீ, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அன்றிலிருந்து கீ மாற்றுவது அவர்களுக்குச் சின்ன வேலை ஆகிவிட்டது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் தொட்டால் போதும்.

சரிபார்க்கும் பகுதி இவ்வளவுதான்:

```python
def verify(raw_key):
    h = hashlib.sha256(raw_key.encode()).hexdigest()
    row = find_by_hash(h)
    if row is None or row.status != "active":
        return None
    if row.expires_at and row.expires_at <= utcnow():
        return None
    note_use(row.id)        # நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதும்
    return row.client_id
```

இதில் பழையது, புதியது என்று எந்தக் கிளையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டும் சாதாரண வரிசைகள். `OLD_KEY`, `NEW_KEY` என்று இரண்டு வேரியபிள் வைத்து எழுதினால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புரோகிராமைத் தொட வேண்டும், அப்புறம் யாராவது நீக்க மறந்த `OLD_KEY` ஒன்று அங்கேயே தங்கிவிடும். கீ போதிய நீளமுள்ள ரேண்டம் எழுத்துகளாக இருப்பதால்தான் வெறும் `sha256` போதுகிறது. மனிதர் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொல்லுக்கு இப்படிச் செய்யக் கூடாது.

கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியமானது. திருப்பித் தருவது வாடிக்கையாளரின் ஐடி, கீயின் ஐடி இல்லை. இதற்குப் பின்னால் வரும் எல்லாமும் அந்த ஐடியை வைத்தே கணக்கிட வேண்டும். எங்களிடம் ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒரே செய்தி இரண்டு முறை போகாமல் இருக்க `Idempotency-Key` தலைப்பை வைத்துச் சோதிப்போம், அந்தச் சோதனையின் பதிவு கீ வாரியாக இருந்தது. விடுதி வேலை பழைய கீயில் ஒரு கோரிக்கை அனுப்பியது. நாங்கள் செய்தியை அனுப்பிவிட்டோம், பதில் மட்டும் போய்ச் சேரவில்லை. அதற்குள் அவர்கள் புது கீயோடு ரீஸ்டார்ட் செய்தார்கள். அதே கோரிக்கை புது கீயில் திரும்ப வந்தது. புது கீக்குப் பழைய கீயின் பதிவு தெரியாது, அதனால் புதுக் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டு, அதே செய்தியை இன்னொரு முறை அனுப்பியது. எஸ்எம்எஸ் என்பதால் ஒரு மன்னிப்போடு போயிற்று. பணம் எடுக்கும் ஏபிஐயாக இருந்திருந்தால் ஒருவர் இருமுறை கட்டியிருப்பார். நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்ற வரம்பும் இப்படித்தான். கீ வாரியாக எண்ணினால் இடைவெளிக் காலம் முழுக்க வாடிக்கையாளருக்கு இரட்டை வரம்பு கிடைக்கும்.

அடுத்து, எந்த வழியை எடுத்தாலும் தவறக் கூடாத வரிசை ஒன்று இருக்கிறது. புது கீயை எல்லாச் சர்வர்களும் ஏற்கத் தொடங்கிய பிறகுதான் அதை வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். கீகள் டேட்டாபேஸில் இருந்தால் இது தானாக நடந்துவிடும். கோப்பிலோ என்விரான்மென்ட் வேரியபிளிலோ இருந்து, நான்கு சர்வர்களில் ஒன்று மட்டும் இன்னும் பழைய பட்டியலோடு இருந்தால், புது கீயில் வரும் கோரிக்கைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று `401` வாங்கும். திரும்ப அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும். இப்படி விட்டு விட்டு வரும் `401`ஐக் கண்டால் கீயைச் சந்தேகிக்காமல் சர்வர்களில் எது பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். கேஷும் இதே தோற்றத்தைத் தரும். "இந்தக் கீ செல்லாது" என்ற பதிலை ஐந்து நிமிடம் கேஷ் செய்திருந்தால், யாராவது அவசரப்பட்டு முன்கூட்டியே சோதித்துப் பார்த்த புது கீ, உண்மையில் சரியான பிறகும் ஐந்து நிமிடம் மறுக்கப்படும். எதிர்த்திசையில், "செல்லும்" என்ற பதிலின் கேஷ் காலம்தான் முடக்கிய கீ இன்னும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. நாங்கள் இரண்டையும் 30 நொடிக்குக் குறைத்தோம்.

சேவை தருபவர் நீங்கள் இல்லை, அவர்கள் ஒரே கீதான் தருகிறார்கள் என்றால் உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரண்டு கீயையும் வைத்துக்கொண்டு, புதியதற்கு `401` வந்தால் மட்டும் பழையதை முயல்வது. மாற்றம் நடக்கும் அரை மணி நேரத்துக்கு இது உதவும். நிரந்தரமாக வைத்தால் புது கீ தவறாக இருப்பதே தெரியாமல் போகும்.

இவ்வளவும் வழக்கமான மாற்றத்துக்குத்தான். கீ கசிந்துவிட்டது, யாரோ பொதுவெளியில் உள்ள ரெப்போவில் போட்டுவிட்டார்கள் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். இடைவெளியில் பழைய கீயை வாடிக்கையாளர் மட்டும் பயன்படுத்தப் போவதில்லை, எடுத்தவரும் பயன்படுத்துவார். அங்கே 60 நாள், மாதச் சுற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் வைத்திருந்த நடைமுறை இது: வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பிடித்து, புது கீயைக் கொடுத்து, முதன்மையான வேலையை மாற்ற ஒரு மணி நேரம் தருவோம். அந்த ஒரு மணி நேரமும் பழைய கீயை அவர்களுடைய பழக்கமான ஐபிகளிலிருந்து மட்டும் ஏற்போம். மூன்று மாதப் பட்டியல் கையில் இருந்ததால் அந்த ஐபிகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. தொலைபேசியில் ஆள் கிடைக்காவிட்டால் உடனே முடக்கிவிடுவோம். வருகைப்பதிவு செய்தி ஒரு மணி நேரம் போகாமல் இருப்பதை அவர்களிடம் விளக்க முடியும். கல்லூரி பெயரில் இரண்டாயிரம் பெற்றோருக்கு வேறு யாரோ அனுப்பிய செய்தியை விளக்க முடியாது.